மார்கழி பன்னிரண்டு

சிங்காநல்லூர் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே, மாவு மில்லுக்கு மேல் மாடியில் ஒரு போர்டு தொங்கும். 'சென்னியப்பன், வருமான வரி ஆலோசகர்' என்று எழுதியிருக்கும். அந்தச் சென்னியப்பன் நான்தான். ஆடிட்டர் பரீட்சையை மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் கோட்டை விட்டவன். ஒரு பெரிய ஆடிட்டரிடம் பதினோரு வருஷம் கையாளாக இருந்துவிட்டுத் தனியாக வந்தேன். ஆனால் ஊரில் யாருக்கும் ஆலோசகர் என்ற வார்த்தை வாயில் நுழையாது. எல்லோருக்கும் நான் ஆடிட்டர். நானும் ஒருநாள் கூட "ஆடிட்டர் இல்லீங்க" என்று சொன்னதில்லை. ஏன் சொல்லப்போகிறேன், கேட்கச் சுகமாகத்தானே இருந்தது.

என்னை அப்படி அதிகம் கூப்பிட்டவர் என் மச்சான் நஞ்சப்பன். என் மனைவி சுலோச்சனாவின் அண்ணன். மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாண வீடு, காது குத்து, எங்கே போனாலும் என்னை முன்னால் தள்ளிவிட்டு, "எங்க மாப்ளைங்க. ஆடிட்டரு" என்பார். அப்போது அவர் நெஞ்சு அரை அங்குலம் முன்னால் வரும். எனக்கும் வரும்.

அவர் 2004இல் ஒன்பது லட்சத்துக்கு வாங்கிய வீட்டைப் போன வருஷம் ஜூன் மாதம் அறுபத்திரண்டு லட்சத்துக்கு விற்றார். இருகூரில் அப்பா காலத்து வீடு இருந்தது, அங்கே குடிபோய்விட்டார். மகள் மைதிலிக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த சமயம். விலைவாசி ஏற்றத்துக்கு ஏற்றபடி பழைய விலையை உயர்த்திக் கணக்குப் போட்டும், லாபம் முப்பத்துநாலு லட்சத்துக்கு மேல் நின்றது. அதற்கு இருபது சதவீதம் வரி.

"ஏழு லட்சமுங்களா மாப்ள?" என்று அன்றைக்கு வாயைப் பிளந்தார். "ஒரு தாலிக்கொடியோட மொத்த நகையும் எடுத்துப் போடலாமே!"

"நானெதுக்கு இருக்கறேன்? ஒத்தை ரூவா கட்ட வேண்டாம்" என்றேன்.

இரண்டு வழி சொன்னேன். ஒன்று, லாபப் பணத்தில் அவர் பேரில் இன்னொரு வீடு. விற்ற நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் வாங்கலாம், இல்லையென்றால் மூன்று வருஷத்துக்குள் கட்டலாம். அடுத்த ஜூலை கடைசிக்குள் வாங்கி முடியவில்லை என்றால், மிச்சப் பணத்தை அதற்கென்று பேங்கில் இருக்கிற தனிக் கணக்கில் போட்டுவைத்து, அதிலிருந்து எடுத்துச் செலவு செய்ய வேண்டும். இன்னொன்று, அரசாங்கக் கம்பெனிகளின் பாண்டு பத்திரம். ஐம்பது லட்சம் வரை போடலாம். விற்ற நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போட வேண்டும். போட்டால் ஐந்து வருஷம் தொட முடியாது, அதை வைத்துக் கடன் கூட வாங்க முடியாது.

தங்கமணி அக்கா, மச்சானின் மனைவி, வீடு என்றார். "சின்னதா ஒண்ணு வாங்கிப்போட்டா வாடகையாச்சும் வருமுங்க தம்பி. கண்ணுக்கு முன்னால நிக்கும். காகிதத்துல என்ன இருக்குது?"

"அக்கா, இருக்கற ஒரு வீட்டுக்கே சுண்ணாம்பு அடிக்க ஆள் கெடைக்கறதில்ல. வாடகைக்காரன்கூட மல்லுக்கட்ட மச்சானுக்குத் தெம்பிருக்குதுங்களா? பாண்டு போட்டா வட்டி பாட்டுக்கு வரும், அசல் பாட்டுக்கு இருக்கும்."

அக்கா காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

கிரயப் பத்திரத்தில் ஜூன் 28ஆம் தேதி கையெழுத்தாயிற்று. அன்றைக்கே முழுப் பணமும் வந்தது, சாவியும் கைமாறியது. ஆனால் கட்டடத்தை நேரில் பார்த்து மதிப்புப் போட வேண்டும் என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆவணத்தை நிலுவையில் வைத்தார்கள். பார்த்து, மதிப்புப் போட்டு, ஆவண எண் கொடுத்தது ஆகஸ்ட் 9ஆம் தேதி. அந்த எண் போட்ட ரசீதின் நகலை மச்சான் கொண்டுவந்து கொடுத்தார். நான் அதைப் பார்த்து ஃபைலின் மேலட்டையில் சிவப்புப் பேனாவால் 09-08-2023 என்று எழுதினேன். பக்கத்திலேயே 'பாண்டு: 09-02-2024க்குள்' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். உள்ளே இருந்த பத்திரத்தின் முதல் பக்கத்தைத் திருப்பவில்லை. வீடு எந்தத் தேதியில் கைமாறியதோ அந்தத் தேதிதான் கணக்கு, நம்பர் கொடுத்த தேதி இல்லை. இது தெரியாத விஷயமா எனக்கு? தெரியும். நாலு பேருக்கு வகுப்பெடுக்கிற அளவுக்குத் தெரியும்.

டிசம்பர் 18, திங்கட்கிழமை. மச்சான் செக் புத்தகத்தை மஞ்சப்பையில் சுற்றிக்கொண்டு படியேறி வந்தார். அன்றைக்கு மார்கழி இரண்டாம் தேதி.

"மாப்ள, இந்தப் பாண்டை இன்னைக்கே போட்டு முடிச்சறலாமுங்களா? பணம் பேங்க்ல சும்மா கெடக்குது, எனக்குத் தூக்கம் வர மாட்டேங்குது."

"அக்கா என்ன சொல்றாங்க?"

"அவ கெடக்கறா. மார்கழியில எவனாச்சும் மொதல் போடுவானா, தை பொறக்கட்டும்ங்கறா. நாஞ் சொன்னேன், மாப்ளையக் கேட்டுட்டு வந்தர்றேன்னு."

நான் ஃபைலின் அட்டையைப் பார்த்தேன். சிவப்பு எழுத்து பளிச்சென்று இருந்தது. வீடு வேண்டும் என்று கேட்ட அக்காவை அன்றைக்கு மட்டம் தட்டியது மனசில் லேசாக உறுத்திக்கொண்டிருந்தது. இதிலாவது அவர் பேச்சை ஜெயிக்க வைப்போம் என்று பெரிய மனசு பண்ணினேன்.

"அக்கா சொல்றதுதானுங்க சரி. மார்கழியில வெதச்சா மொளைக்காதும்பாங்க, எதுக்கு? பிப்ரவரி ஒம்பது வரைக்கும் நேரங் கெடக்குது. தை பொறந்ததும் நல்ல நாளாப் பாத்துப் போடுங்க."

"கெடு தாண்டிறாதுங்களே?"

"மச்சான், நீங்க ஸ்பேனர் புடிச்சீங்க, நான் வந்து நட்டை எந்தப் பக்கம் திருகறதுன்னு சொன்னனா?"

அவர் சிரித்துவிட்டார். செக் புத்தகத்தை மறுபடி மஞ்சப்பையில் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனார். கெடுவுக்கு அப்போது பத்து நாள் பாக்கி இருந்தது. ஆறு மாதம் முடிந்த நாள் டிசம்பர் 28, மார்கழி பன்னிரண்டு. அன்றைக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று இப்போது எவ்வளவு யோசித்தாலும் ஞாபகம் வரவில்லை.

தை பத்தாம் தேதி, ஜனவரி 24, முப்பத்தைந்து லட்சத்துக்குப் பாண்டு போட்டார். மிச்சத்தில் மைதிலிக்கு நகை எடுத்தார், மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தார், பழைய கடன் ஒன்றை அடைத்தார். கல்யாணம் ஆவணி இருபதாம் தேதி என்று முடிவானது.

இந்த ஜூலை 26, வெள்ளிக்கிழமை காலை. ரிட்டர்ன் போட ஐந்து நாள்தான் பாக்கி. மச்சானின் ஃபைலை எடுத்தேன். நம் வீட்டு வேலை, பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும் என்று அதைத்தான் கடைசிக்குத் தள்ளியிருந்தேன். வீட்டை வாங்கியவர் ஒரு சதவீதம் வரி பிடித்துக் கட்டியிருந்தார், அறுபத்திரண்டாயிரம். அந்த விவரத்தைக் கம்ப்யூட்டரில் திறந்தபோது பணம் கொடுத்த தேதி 28-06-2023 என்று இருந்தது.

முதலில் எரிச்சல்தான் வந்தது. தப்பான தேதி போட்டிருக்கிறான் பார், இதற்கெல்லாம் யாரிடம் போய் வேலை கொடுக்கிறானோ என்று வாங்கியவரைத் திட்டினேன். பிறகு பத்திரத்தை எடுத்துத் திருப்பினேன். முதல் பக்கம், முதல் வரி. இரண்டாயிரத்து இருபத்து மூன்றாம் வருடம் ஜூன் மாதம் இருபத்தெட்டாம் தேதி.

விரல் விட்டு எண்ணினேன். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர், நவம்பர், டிசம்பர். மறுபடியும் எண்ணினேன். மாதம் முடியும் வரை விடலாம் என்று தீர்ப்புகள் உண்டு. அதைப் பிடித்துக்கொண்டாலும் டிசம்பர் 31தான் வரும். ஜனவரி 24 எந்தக் கணக்கிலும் வராது.

அதற்கப்புறம்தான் முழுசாக உறைத்தது. வீடு வாங்குகிற வழி இன்னும் மூடவில்லை. இரண்டு வருஷம் முடிய அடுத்த ஜூன் வரை நேரம் இருக்கிறது. இந்த மாதக் கடைசிக்குள் அந்தத் தனிக் கணக்கில் பணத்தைப் போட்டால் போதும். ஆனால் பணம் எங்கே? முப்பத்தைந்து லட்சமும் பாண்டில், 2029 ஜனவரி வரை பூட்டிக் கிடக்கிறது. வரிச்சலுகையும் கிடையாது, பணமும் எடுக்க முடியாது, ஐந்தேகால் சதவீத வட்டி, அந்த வட்டிக்கும் வரி. கழிக்க வேண்டியதெல்லாம் கழித்து, பிடித்த வரியும் போக, ஆறு லட்சத்துச் சொச்சம் ஐந்து நாளில் கட்ட வேண்டும். கல்யாணத்துக்கு நாற்பத்தொரு நாள்.

எதிரே சுவரில் என் படம், ஏதோ சங்க விழாவில் சால்வை போட்டுக்கொண்டு நிற்கிறேன். அதைத் திருப்பி வைக்கலாமா என்று கூடத் தோன்றியது.

இனிமேல் சொல்லப்போவது, என் வாழ்க்கையில் நான் செய்த காரியங்களிலேயே கேவலமானது. சொல்லித்தான் ஆக வேண்டும்.

ரிட்டர்னில் வீடு விற்ற தேதி கேட்கிற கட்டத்தில் 09/08/2023 என்று அடித்தேன். பாண்டு போட்ட தேதி 24/01/2024. கம்ப்யூட்டர் மறுபேச்சுப் பேசாமல் ஏற்றுக்கொண்டது. வரி, சுழியம். வீட்டை வாங்கியவர் கொடுத்த தேதி வரி இலாகாவின் கையில் இருக்கிறது, என்றைக்கு வேண்டுமானாலும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பார்த்தால் நோட்டீஸ் எனக்கு வராது, நஞ்சப்பனுக்கு வரும். வரி, வட்டி, தெரிந்தே தப்பாகச் சொன்னதற்கு வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம், எல்லாம் அவர் தலையில். எனக்கு அது தெரியும். தெரிந்துதான் அடித்தேன். பார்க்காமலும் போகலாம் அல்லவா? கல்யாணம் நல்லபடியாக முடியட்டுமே? இப்படி எல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மைதிலி கல்யாணத்துக்காகச் செய்கிறேன் என்று கூட ஒரு நிமிஷம் நம்பினேன்.

ரிட்டர்னை உறுதி செய்ய அவருடைய ஆதார் நம்பருக்கு ஓடிபி போகும். அனுப்பிவிட்டு போன் போட்டேன்.

"சொல்லுங் மாப்ள!" பின்னால் சுண்ணாம்பு சுரண்டுகிற சத்தம் கேட்டது. "இப்பத்தான் உங்களப் பத்திப் பேசிட்டிருந்தோம். கல்யாணப் பத்திரிகையில உங்க பேருக்குப் பின்னால ஆடிட்டர்னு போடச் சொல்லிட்டேன். வேண்டாம்னு சொல்லிறாதீங்க, அச்சுக்குப் போயிருச்சு."

"சரிங்க மச்சான். ஒரு ஓடிபி வந்திருக்கும். கொஞ்சம் சொல்லுங்."

"இருங், கண்ணாடியக் காணோம். ஏ மைதிலி, மாமனுக்கு நம்பர் வேணுமாம், படிச்சுச் சொல்லு."

மைதிலி போனை வாங்கினாள். "மாமா, அப்பாவுக்கு ஒரு வேலையும் தெரியாதுங் மாமா. ஓடிபி யாருக்கும் குடுக்காதீங்கன்னு டிவியில நாளெல்லாம் கத்தறாங்க. இவரு நீங்கன்னாச் சொத்தையே எழுதிக் குடுத்துருவாரு. எழுதிக்கறீங்களா? நாலு, ஏழு, ஏழு..."

ஆறு இலக்கத்தையும் சொன்னாள். நான் காகிதத்தில் எழுதிக்கொண்டேன். பின்னால் மச்சான், "மாப்ளைக்கிட்டச் சொல்றதுல என்ன பயம் உனக்கு?" என்று அவளை அதட்டுவது கேட்டது.

போனை வைத்துவிட்டு அந்த ஆறு எண்ணையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினைந்து நிமிஷத்தில் அது காலாவதியாகிவிடும். அதை அடிக்கும் தைரியம் எனக்கு வரவில்லை. நேர்மை என்று யாரும் பெருமையாக நினைத்துவிட வேண்டாம். பயமும் வெட்கமும்தான். அந்தப் பிள்ளை தன் வாயால் படித்துச் சொன்ன எண்ணை வைத்து அவள் அப்பனை மாட்டிவிடுவதா என்று கை ஓடவில்லை. பதினாறாவது நிமிஷம் எழுந்து, ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு, இருகூர் போனேன்.

வாசல் திண்டில் பெயிண்ட் டப்பாக்கள் இருந்தன. மச்சான் பனியனோடு ஓட்டுக் கூரைக்குக் கட்டிய சாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அட, நேர்லயே வந்துட்டீங்களா! தங்கமணி, மாப்ளைக்குக் காபி போடு!"

"காபி வேண்டாமுங்க. உக்காருங்க மச்சான். அக்காவையும் கூப்புடுங்க."

உட்கார்ந்தார்கள். நான் நின்றபடியே சொன்னேன். தேதியைச் சொன்னேன், மார்கழியைச் சொன்னேன், ஆறு லட்சத்தைச் சொன்னேன். ஓடிபி எதற்குக் கேட்டேன் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் பாதி அழுக்கை மட்டும் கழுவி என்ன பிரயோஜனம்.

தங்கமணி அக்காதான் முதலில் பேசினார். "நான் வீடுன்னேன். சொன்னனா இல்லையா?"

"சொன்னீங்க அக்கா."

"காகிதத்துல என்ன இருக்குதுன்னு கேட்டேன். அப்ப என்னமோ சிரிச்சீங்க."

"ஆமாங்க."

"இப்ப எந்த நகைய எடுத்துக் கட்டட்டும்? ஆரத்தையா, வளையலையா? நீங்களே வந்து அந்த மாப்பிள்ளை வீட்ல சொல்லிப்போட்டுப் போங்க, ஆடிட்டரு நான், ஒரு பக்கத்தைத் திருப்பறதுக்கு மறந்துட்டேன்னு."

"தங்கமணி!" என்றார் மச்சான்.

"ஏன், சொன்னா என்ன? ஊரு முன்னால என் வாயை அடைச்சுத்தான் நீங்க மாப்ள மாப்ளைன்னு தூக்கி வச்சீங்க." அக்காவின் குரல் உடைந்தது. "ஆனா மார்கழி வேண்டாம்னதும் நாந்தானே. நானும் அதுல சேத்திதான்."

"இல்லீங்க அக்கா. நீங்க வழக்கத்தைச் சொன்னீங்க. கெடுவைச் சொல்ல வேண்டியது நான். அது என் வேலை" என்றேன். நான் வாங்கிப்போட்டிருந்த காலி மனையை விற்று ஆறு லட்சத்தையும் கொடுத்துவிடுகிறேன் என்றும், அது விற்கும் வரை சுலோச்சனாவின் நகையை அடகு வைத்து இந்த மாதக் கடைசிக்குள் வரியைக் கட்டிவிடுகிறேன் என்றும் சொன்னேன். சுலோச்சனாவிடம் இன்னும் நான் வாயே திறக்கவில்லை. அது இதை விடப் பெரிய கண்டம்.

மச்சான் தலையைக் குனிந்து கையில் ஒட்டியிருந்த பெயிண்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். கத்துவார், அடிப்பார், ஏதாவது செய்வார் என்று காத்திருந்தேன். செய்திருந்தால் எனக்கும் சுலபமாக இருந்திருக்கும்.

"மாப்ள, அந்தப் புள்ளை சொல்லுச்சு" என்றார் கடைசியில்.

"எந்தப் புள்ளைங்க?"

"பேங்க்ல. பாண்டு ஃபாரம் எழுதறப்ப. பத்திரத்தைப் பாத்துப்போட்டு, சார், ஜூன்ல வித்திருக்கீங்க, இப்ப ஜனவரி ஆச்சே, ஆறு மாசம் தாண்டிருச்சே, போட்டா எடுக்கவும் முடியாதேன்னு கேட்டுச்சு. நாந்தான் அதட்டினேன். எங்க மாப்ள முப்பது வருசமா ஆடிட்டரு, உனக்குத் தெரியுமா அவருக்குத் தெரியுமான்னு சத்தம் போட்டேன். அப்பறமும் அது விடல. ஒருக்காப் போன் போட்டாச்சும் கேளுங்க சார்னுச்சு. போட்டேன் உங்களுக்கு."

எனக்குச் சுரீரென்றது. அப்படி ஒரு போன் வந்திருந்தது. அதைச் சுத்தமாக மறந்திருந்தேன். கணக்குக் கொடுக்க வந்த யாரோ வாங்கிவந்த பஜ்ஜியைத் தின்றுகொண்டிருந்தேன். மச்சான் என்னவோ தேதி என்றார். முழுசாகக் கேட்கவில்லை.

"என்ன சொன்னேனுங்க?" என்றேன். எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. இருந்தாலும் கேட்டேன்.

"கவுண்டர்ல உக்காந்திருக்கற புள்ளைக்கெல்லாம் சட்டம் தெரிஞ்சுதுன்னா நாங்கெல்லாம் கடைய மூடிட்டுப் போக வேண்டியதுதான். போயி ஒரு டீயக் குடிச்சுட்டு வரச் சொல்லுங்க அதைன்னீங்க." மச்சான் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. "எனக்குக் காது கொஞ்சம் மந்தமில்லீங்களா. போன் ஸ்பீக்கர்ல இருந்துச்சு."

அன்றைக்கு அந்தப் போனில் ஒரு நிமிஷம் காது கொடுத்திருந்தால் போதும். பாண்டைப் போடாமல் நிறுத்தியிருக்கலாம். முப்பத்தைந்து லட்சமும் கையில் இருந்திருக்கும். அக்கா கேட்ட அந்தச் சின்ன வீட்டைச் சாவகாசமாக வாங்கியிருக்கலாம், ஒரு ரூபாய் வரி வந்திருக்காது. ஒரு பெண் கையைப் பிடித்துத் தடுத்திருக்கிறாள். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அவளைத் தட்டிவிட்டிருக்கிறோம்.

மச்சான் எழுந்து சட்டையை மாட்டினார். "வாங்க, போயிட்டு வரலாம்."

"எங்கீங்க?"

"பேங்குக்கு. பணம் போனாப் போகுது மாப்ள, மில்லுல கை போனவனெல்லாம் இருக்கறான். ஆனா அந்தப் புள்ளை என்ற மக வயசு. அத்தனை ஜனத்துக்கு நடுவுல கத்தினேன். அது கண்ணுல தண்ணி வந்திருச்சு. ஆறு மாசமா அதுபாட்டுக்கு நம்ம தப்பாச் சொல்லிட்டமோன்னு நெனச்சுட்டிருக்கும்."

என் ஸ்கூட்டரில்தான் போனோம். வழியெல்லாம் அவர் என் தோளில் எப்போதும் போலக் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் கையை எடுத்துவிட மாட்டாரா என்று இருந்தது எனக்கு.

பேங்கில் கூட்டம் அதிகமில்லை. மூன்றாவது கவுண்டரில் அந்தப் பெண் இருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். ஷைலஜா என்று பெயர் அட்டை. மச்சானைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து, நாற்காலியில் லேசாகப் பின்னுக்குச் சாய்ந்தாள். அதை நான் கவனித்தேன்.

மச்சான் கண்ணாடித் தடுப்பின் ஓட்டைக்கு நேராகக் குனிந்தார். "அம்மிணி, தை மாசம் உங்களைச் சத்தம் போட்டேன். ஞாபகம் இருக்குதா?"

"பரவால்லைங்க சார்."

"பரவாயில்லாம இல்லை. நீங்க சொன்னதுதான் சரி. நாந்தான் தப்பு. மன்னிச்சுக்கோணும்." சத்தமாகத்தான் சொன்னார். அன்றைக்குக் கத்திய அதே அளவுக்குச் சத்தம். பக்கத்துக் கவுண்டரில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அதற்காகவே அப்படிச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

அவள் முகம் வாடிவிட்டது. "ஐயோ, அப்ப வரி விழுந்திருச்சுங்களா சார்?" என்றாள். அவளுக்கு முதலில் தோன்றியது அதுதான்.

"விழுந்திருச்சு அம்மிணி. அது கெடக்குது." பிறகு ஒதுங்கி, என் முதுகில் கைவைத்து, என்னை முன்னால் தள்ளினார். நாற்பது கல்யாண வீட்டில் தள்ளிய அதே தள்ளல். "இவருதாங்க எங்க மாப்ள. ஆடிட்டரு."

பழக்கதோஷத்தில் வாயில் வந்துவிட்டது போலிருக்கிறது. குத்திக்காட்டச் சொல்லவில்லை, அவருக்குக் குத்திக்காட்டத் தெரியாது. நெஞ்சு கூட எப்போதும் போல அரை அங்குலம் முன்னால் வந்திருந்தது.

நான் ஆடிட்டர் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். இரண்டுக்கும் பதிலாக "அம்மா, நான்..." என்று மட்டும் வந்தது. என் குரலைக் கேட்டதும் அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அன்றைக்கு ஸ்பீக்கரில் கேட்ட குரல் என்று தெரிந்துகொண்டாள்.

எனக்கு வேர்த்து ஊற்றியிருக்க வேண்டும். அவள் எழுந்து, தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க சார்" என்றாள் மெதுவாக. "டீ சொல்லட்டுங்களா?"